அடிபம்பில் தண்ணீர் குறைந்தால்: பைப்பைத் தூக்குவதற்கு முன்னும் பின்னும்

எங்கள் ஊர் அடிபம்பில் 40 தடவை அடித்தால் ஒரு குடம் நிறைந்துவிடும். போன கோடையில் அதே குடத்துக்கு 85 தடவை அடிக்க வேண்டியிருந்தது. காலையில் முதலில் வருகிறவர் பாடு இன்னும் மோசம். கை வலிக்க அடித்த பிறகுதான் சொட்டே விழும். "நிலத்தடி நீர் இறங்கிருச்சு, இனி இது அவ்வளவுதான்" என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் குறை தண்ணீரில் இல்லை. 30 மீட்டர் ஆழத்தில் இருந்த இரண்டு வாஷரிலும் ஒரு வால்விலும் இருந்தது. அதை எப்படிக் கண்டுபிடித்தோம், எப்படிச் சரிசெய்தோம் என்பதைப் பம்பையே திறந்து பார்க்காதவர்களுக்கும் புரியும்படி எழுதுகிறேன்.

நான் சொல்வது இந்தியா மார்க் 2 வகைப் பம்பு. நீளமான இரும்புக் கைப்பிடி, மேலே பெட்டி போன்ற தலை, அதற்குக் கீழே தண்ணீர்த் தொட்டி, மூன்று கால் நிலைத்தூண். யுனிசெஃப் உதவியோடு 1970களில் உருவாகி, கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் சோதித்துப் பார்க்கப்பட்ட பம்பு இது. நம் ஊர்களில் நிற்பவற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

உள்ளே என்ன நடக்கிறது

கைப்பிடியைக் கீழே அழுத்தினால், தலைக்குள் இருக்கும் செயின், பைப்புக்குள் தொங்கும் ராடை மேலே இழுக்கும். ராடின் அடிமுனையில், தண்ணீருக்குள் மூழ்கிய சிலிண்டருக்குள், பிஸ்டன் இருக்கிறது. பிஸ்டனைச் சுற்றி இரண்டு பக்கெட் வாஷர்கள். குட்டிக் கிண்ணம் மாதிரி இருக்கும் இந்த வாஷர்களின் விளிம்பு சிலிண்டர் சுவரை ஒட்டி நின்று தண்ணீரை மேலே தள்ளுகிறது. பிஸ்டனிலேயே ஒரு வால்வு உண்டு. அது மேல் வால்வு. சிலிண்டரின் அடியில் இன்னொன்று. அதுதான் கீழ் வால்வு, செக் வால்வு என்றும் சொல்வார்கள்.

பிஸ்டன் ஏறும்போது மேல் வால்வு மூடியிருக்கும், கீழ் வால்வு திறந்து புதுத் தண்ணீரை உள்ளே விடும். பிஸ்டன் இறங்கும்போது கீழ் வால்வு மூடிக்கொள்ளும், உள்ளே வந்த தண்ணீர் மேல் வால்வு வழியாகப் பிஸ்டனுக்கு மேலே போகும். வாஷர் தேய்ந்தால், ஏறும்போது தண்ணீர் ஓரமாக நழுவிக் கீழே போய்விடும். கீழ் வால்வு சரியாக மூடாவிட்டால், இறங்கும்போது தண்ணீர் வந்த வழியே கிணற்றுக்குத் திரும்பிவிடும். இரண்டிலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: தண்ணீர் குறைவு.

பைப்பைத் தொடுவதற்கு முன் மூன்று சோதனைகள்

முதலில் அளவு. பெயின்ட் கடையில் கிடைக்கும் 20 லிட்டர் வாளியில் லிட்டர் கோடு போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் தடையில்லாமல் விழ ஆரம்பித்த பிறகு, கைப்பிடியை முழு வீச்சில், நிமிடத்துக்கு 40 என்ற கணக்கில் 40 தடவை அடியுங்கள். சிலிண்டரின் உள்விட்டம் 63.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 125 மில்லிமீட்டர். அதனால் ஒரு அடிக்குக் கிட்டத்தட்ட 0.4 லிட்டர், 40 அடிக்கு 15 முதல் 16 லிட்டர் வர வேண்டும். எங்களுக்கு வந்தது 7 லிட்டர்.

அப்புறம் அதே 40 அடியை மெதுவாக, பாதி வேகத்தில் அடித்துப் பாருங்கள். நல்ல பம்பில் அளவு பெரிதாக மாறாது. ஒழுக்கு இருக்கிற பம்பில் மெதுவாக அடிக்க அடிக்கத் தண்ணீர் நழுவ அதிக நேரம் கிடைக்கும், அதனால் அளவு இன்னும் விழும். எங்களுக்கு 4 லிட்டராகக் குறைந்தது. கிணற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் இப்படி நடக்காது. அப்போது முதலில் நன்றாக ஊற்றி, சில நிமிடத்தில் காற்றோடு குமிழியிட்டு, நின்றுவிடும். கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் மறுபடி வரும்.

மூன்றாவது சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பம்பை அடித்து நிறைத்துவிட்டு அரை மணி நேரம் யாரையும் தொடவிடாதீர்கள். பிறகு அடித்து, எத்தனையாவது அடியில் தண்ணீர் வருகிறது என்று எண்ணுங்கள். 5 அடிக்குள் வந்தால் கவலை இல்லை. எங்களுக்கு 14 ஆனது. ஒரு அடிக்கு 7 லிட்டரில் நாற்பதில் ஒரு பங்குதான் ஏறுகிறது என்பதால், 14 அடிக்குச் சுமார் இரண்டரை லிட்டர். ராடு போக மீதி இடத்தில் 32 மில்லிமீட்டர் பைப்பில் மீட்டருக்கு 0.9 லிட்டர் நிற்கும். ஆக, அரை மணியில் பைப்புக்குள் தண்ணீர் சுமார் 2.7 மீட்டர் இறங்கியிருக்கிறது.

ஆனால் பைப்பில் ஓட்டை இருந்தாலும் தண்ணீர் இறங்குமே? இறங்கும், ஓட்டை இருக்கிற மட்டம் வரைதான். அதனால் இரவு முழுவதும் விட்டு, காலையில் யாரும் வருவதற்கு முன் மறுபடி எண்ண வேண்டும். அரை மணிக்குப் பிறகு வந்த எண்ணிக்கையும் காலையில் வந்ததும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் ஓட்டை பைப்பில், அதுவும் மேல்பக்கமாக. எங்களுக்குக் காலையில் 70ஐ நெருங்கியபோதுதான் வந்தது. தண்ணீர் கிணற்று மட்டம் வரைக்குமே இறங்கிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கீழ் வால்வு மட்டும் கெட்டு, வாஷரும் மேல் வால்வும் நன்றாக இருந்தால், தண்ணீர் பிஸ்டனுக்கு மேலேயே நின்றுவிடும். வாஷர் மட்டும் தேய்ந்திருந்தால் கீழ் வால்வு தாங்கிக்கொள்ளும். முழுவதும் இறங்கினால், மேலே பிஸ்டனிலும் கீழே வால்விலும் இரண்டிடத்திலும் ஒழுக்கு என்று அர்த்தம். ஆழத்தில் பைப் ஓட்டையாகியிருந்தாலும் இப்படி ஆகலாம், அது தூக்கும்போது தெரிந்துவிடும்.

கைப்பிடி திடீரென்று லேசாகி, ஒரு சொட்டும் வராவிட்டால் அது வேறு கதை. ராடு கழன்றோ அறுந்தோ இருக்கும்.

தூக்குவது

ஊராட்சிப் பம்பு என்றால் முதலில் ஊராட்சியில் சொல்லுங்கள். கருவிப் பெட்டி, அதாவது பைப் தூக்கி, தானாகப் பிடித்துக்கொள்ளும் கிளாம்ப், ராடு வைஸ் எல்லாம், பம்பு மெக்கானிக்கிடம்தான் இருக்கும். அவை இல்லாமல் கயிறும் பைப் ரெஞ்சும் வைத்து முயற்சி செய்யாதீர்கள். எங்கள் பம்பில் 3 மீட்டர் பைப் 10. பைப், ராடு, சிலிண்டர் எல்லாம் சேர்ந்து சுமார் 130 கிலோ. கை நழுவினால் மொத்தமும் கிணற்றுக்குள் போய்விடும். ஐந்து பேர் இருந்தோம். தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று முதலில் பாருங்கள். நிமிர்த்திய பைப் அதைத் தொட்டால் உயிர் போய்விடும்.

முன்மூடியைத் திறந்து, கைப்பிடியை அழுத்தி ராடை மேலே கொண்டுவந்து, செயினும் ராடும் சேரும் இணைப்புக்கு அடியில் முட்டுக்கருவியைச் செருகவும். இப்போது கைப்பிடியை உயர்த்தினால் செயின் தளரும். செயின் போல்ட்டைக் கழற்றி, கைப்பிடியையும் தலையையும் எடுத்துவிடலாம். தொட்டியிலிருந்துதான் பைப் தொங்குகிறது. அதனால் தொட்டியைத் தூக்கி, அடியில் பைப்பைக் கிளாம்பில் பூட்டிய பிறகே தொட்டியைத் திருகிக் கழற்ற வேண்டும். பிறகு ஒவ்வொரு பைப்பாகத் தூக்குவது, கிளாம்ப் போடுவது, பைப்பைக் கழற்றுவது, உள்ளே தெரியும் ராடு இணைப்பைக் கழற்றுவது. கழற்றியதை மண்ணில் போடாமல் மரக்கட்டை மேல் அடுக்குங்கள். குழாய் வாயைத் துணியால் மூடியே வையுங்கள். ஒரு நட் உள்ளே விழுந்தால்கூடத் தொல்லைதான்.

வெளியே வந்த ஒவ்வொரு பைப்பிலும் மரையையும், ராடு உரசித் தேய்ந்த இடத்தையும் பாருங்கள். எங்கள் பைப் பத்தும் நன்றாக இருந்தன.

சிலிண்டரைத் திறப்பது

சிலிண்டரின் நடுவில் ரெஞ்சு போடக் கூடாது. உள்ளே பித்தளைப் பூண் நெளிந்துவிடும். இரண்டு முனை மூடிகளில் மட்டும் பிடித்துத் திருகுங்கள். பிஸ்டனை வெளியே எடுத்ததும் எங்களுக்கு விடை கிடைத்தது. வாஷர்களின் விளிம்பு கத்தி முனை போல மெலிந்து, ஒரு பக்கம் கிழிந்திருந்தது. கீழ் வால்வின் ரப்பர் கெட்டியாகி, அது உட்காரும் இடத்தில் மணல் ஒட்டியிருந்தது.

உள்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு இருந்தால் புது வாஷர் போட்டாலும் சீக்கிரம் தேயும். சிலிண்டரையே மாற்ற வேண்டும். எங்களுடையதில் மெல்லிய கோடுகள்தான்.

ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டு பக்கெட் வாஷர், மேல் வால்வு ரப்பர், கீழ் வால்வு ரப்பர், மூடிகளின் சீல் வளையம் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். இந்த வேலையில் பெரிய செலவு பொருளுக்கு இல்லை, 10 பைப்பைத் தூக்கி இறக்கும் ஐந்து பேர் உழைப்புக்குத்தான். வாஷரின் கிண்ணவாய் இரண்டிலும் மேல்நோக்கியே இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் தண்ணீரின் அழுத்தம் விளிம்பை விரிக்காது, மடக்கிவிடும். புதிதாகச் செய்கிறவர்கள் தவறுவது இங்கேதான். குடிதண்ணீர் என்பதால் கிரீஸ் தடவாமல் சுத்தமான தண்ணீரில் நனைத்துப் போடுங்கள்.

இறக்குவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரில் சிலிண்டரை நிறுத்தி, ராடைக் கையால் நாலைந்து தடவை இழுத்து நிரப்புங்கள். பிறகு வாளியிலிருந்து தூக்கி, அடியைப் பாருங்கள். சொட்டினால் கீழ் வால்வு உட்காரவில்லை. நாங்கள் முதல் தடவை தூக்கியபோது சொட்டியது. திறந்தால் ஒரே ஒரு மணல் துகள். அதைத் துடைத்ததும் நின்றது. இதைப் பார்க்காமல் இறக்கியிருந்தால் பத்துப் பைப்பையும் மறுநாளே தூக்க வேண்டி வந்திருக்கும்.

பிளீச்சிங் போட்டு இறக்குவது

பைப்பை இறக்குவதற்கு முன்பே கிணற்றுக்குள் பிளீச்சிங் கரைசலை ஊற்றிவிடுங்கள். தொட்டி பொருத்திய பிறகு வழி இருக்காது. எங்கள் கிணறு 150 மில்லிமீட்டர் அகலம், அதில் 30 மீட்டர் தண்ணீர், கிட்டத்தட்ட 530 லிட்டர். அதற்கு 100 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். வாளியில் கரைத்து, அடியில் கசடு தங்கிய பின் தெளிவை மட்டும் ஊற்றினோம். அன்று இரவு பம்பைக் கட்டி வைத்துவிட்டு, மறுநாள் குளோரின் வாசம் போகும் வரை அடித்துக் கொட்டினோம்.

இறக்குவது தூக்கியதன் மறுபக்கம். ஒவ்வொரு மரையையும் துடைத்து, டேப் சுற்றி, கடைசி வரை இறுக்குங்கள். தலையை மூடுவதற்கு முன் செயினில் கிரீஸ் வையுங்கள்.

வேலை முடிந்த அன்றைக்கு 40 அடிக்கு 15 லிட்டர் வந்தது. அரை மணி விட்டு அடித்தால் இரண்டாவது அடியிலேயே தண்ணீர். தேதியையும் லிட்டரையும் தொட்டியின் பின்பக்கம் பெயின்டால் எழுதியிருக்கிறோம். சிலிண்டரில் அந்த மெல்லிய கோடுகள் இருப்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாளியை எடுத்துப் போய் அளக்கிறேன். போன தடவை பதினாலரை. 12க்குக் கீழே வந்தால் சிலிண்டரை மாற்றச் சொல்லி ஊராட்சியில் எழுதிக் கொடுப்போம்.