மலையில் ஓடிய பைக்கை விற்கும்போது விலைக் கணக்கில் நேரும் தவறுகள்

குன்னூரில் வசிக்கும் என் சித்தப்பா மகன், ஆகஸ்ட் 2020இல் வாங்கிய தன்னுடைய 150 சிசி பைக்கை விற்பதற்கு முதலில் சொன்ன விலை 85,000 ரூபாய். இணையத்தில் அதே மாடலுக்கு 72,000 ரூபாய் விளம்பரம் போட்டிருந்தார்கள் என்றும், கடந்த ஆறு மாதங்களில் பட்டறைக்கு மட்டும் 11,000 ரூபாய் கொடுத்திருப்பதாகவும், பேரம் பேசுவோருக்காக மேலே 2,000 சேர்த்ததாகவும் அவன் விளக்கினான். இரண்டு மாதங்களில் நான்கு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. பிறகு அவனோடு உட்கார்ந்து கணக்கை முதலிலிருந்து போட்டபோது, அவன் செய்தவை பெரும்பாலும் எல்லோரும் செய்யும் தவறுகள் என்பது தெரிந்தது.

முதல் தவறு, விளம்பரத்தில் இருக்கும் விலையைச் சந்தை விலை என்று எடுத்துக்கொள்வது. விளம்பர விலை என்பது விற்பவர் கேட்கும் விலை. வண்டி எந்த விலைக்குக் கைமாறியது என்பதை அது சொல்வதில்லை. ஆகவே, ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் அதே ஆண்டில் வாங்கி, ஏறக்குறைய அதே கிலோமீட்டர் ஓடிய வண்டிகள் சமீபத்தில் என்ன விலைக்குப் போயின என்று, பழைய வண்டிகளை வாங்கி விற்கும் கன்சல்டிங் கடைக்காரர்கள் இருவரிடமும், வண்டியை விற்ற நண்பர்களிடமும் கேட்டோம். கிடைத்த மூன்று விலைகள் 61,000, 63,000, 65,000. நடுவிலிருந்த 63,000ஐ அடிப்படையாக வைத்துக்கொண்டோம். கோயம்புத்தூர் விலையை நாங்கள் வேண்டுமென்றே எடுக்கவில்லை. அங்கே வண்டிகளும் வாங்குவோரும் அதிகம் என்பதோடு, நீலகிரிக்குரிய டிஎன் 43 பதிவெண்ணைப் பார்த்தவுடன் 'மலை வண்டி' என்று சொல்லி, ஓட்டிப் பார்க்காமலேயே விலையைக் குறைத்துப் பேசுவோரும் அங்கே உண்டு.

அந்தத் தயக்கத்தை முழுவதும் தவறென்று ஒதுக்கிவிடவும் முடியாது. மேட்டில் இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் இழுத்து, இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கும் வண்டிக்கு, சமவெளியில் அதே தூரம் ஓடிய வண்டியைவிட கிளட்ச் பிளேட், பிரேக் பேட், செயின் ஸ்ப்ராக்கெட் ஆகியவை சீக்கிரம் தேயும். மூடுபனியிலும் மழையிலும் நிற்பதால் மட்கார்டின் அடிப்பக்கத்திலும் சைலன்சர் இணைப்புகளிலும் துருவும் ஏறும். எனவே மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக இருப்பதை மட்டும் காட்டி அதிக விலை கேட்பது நியாயமாகாது. வண்டியின் உண்மை நிலையை அறிய, குன்னூரிலிருந்து ஊட்டி நோக்கி ஏறும்போது மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரை நன்றாகத் திருகிப் பார்க்க வேண்டும். இன்ஜினின் சத்தம் மட்டும் உயர்ந்து வேகம் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மூடி, கியரிலேயே நெடுந்தூரம் இறங்கிவிட்டு, திரும்பத் திருகும்போது நீல நிறப் புகை ஒருமுறை குபுக்கென்று வந்தால் வால்வு சீல் தேய்ந்து எண்ணெய் உள்ளே இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். மேடேறும்போது அந்தப் புகை நிற்காமல் வந்தால், பிஸ்டன் ரிங்கையோ சிலிண்டர் போரையோ சந்தேகிக்க வேண்டும். போர் வேலை தேவைப்படும் வண்டிக்குப் பட்டறையில் செலவு மதிப்பீடு வாங்காமல் விலையே சொல்லக் கூடாது என்பது என் கருத்து. தம்பியின் வண்டியில் புகை எதுவும் இல்லை.

அடுத்தது பழுதுபார்த்த பில்களைக் கூட்டும் தவறு. இதுதான் எல்லாவற்றிலும் பரவலானது. கைக்காசைச் செலவழித்தவருக்கு அது திரும்பி வர வேண்டும் என்று தோன்றுவது இயல்பு என்பதால், மனதிலிருந்து அகற்றக் கடினமானதும் இதுவே. தம்பியின் 11,000 ரூபாயைப் பிரித்துப் பார்த்தோம். கிளட்ச் பிளேட் மாற்றியதற்கு 2,800, செயின் ஸ்ப்ராக்கெட்டுக்கு 2,400, பின்சக்கர டயருக்கு 2,600, பேட்டரிக்கு 1,500, பொதுச் சர்வீசுக்கு 1,700 ஆகியிருந்தது. நாங்கள் அடிப்படையாக எடுத்த 63,000 ரூபாய் என்பது, நல்ல கிளட்சும் நல்ல செயினும் உள்ள வண்டியின் விலை. தேய்ந்த கிளட்சை மாற்றியதால் தம்பியின் வண்டி அந்த நிலையை எட்டியதே தவிர, அதைத் தாண்டிவிடவில்லை. மாற்றாமல் விட்டிருந்தால் விலையில் கழித்திருப்பார்கள். மாற்றியதால் அந்தக் கழிவு தவிர்ந்தது. அதற்கு மேல் அந்தப் பில்லுக்கு மதிப்பு இல்லை. எண்ணெய் மாற்றிய சர்வீசும் அப்படித்தான்.

டயரும் பேட்டரியும் சற்று வேறு. ஒப்பிட்ட வண்டிகளில் இவை பாதி தேய்ந்த நிலையில் இருப்பது வழக்கம் என்பதால், புதிதாகப் போட்டவற்றின் மீதி ஆயுள் வாங்குபவருக்கு உண்மையான லாபம். ஆகவே டயருக்குப் பாதியாக 1,300 ரூபாயும், வாரண்டி அட்டை கையில் இருந்த பேட்டரிக்கு 700 ரூபாயும் ஆக 2,000 ரூபாயைச் சேர்த்தோம். இன்னும் செய்யாத வேலைகளும் இரண்டு இருந்தன: முன் ஃபோர்க்கில் ஆயில் சீல் கசிந்துகொண்டிருந்தது, முன் டிஸ்க்கின் பிரேக் பேடு முடியும் நிலையில் இருந்தது. பட்டறையில் கேட்டதில் இரண்டுக்கும் சேர்த்து 1,600 ரூபாய் என்றார்கள். அதை விலையில் கழிக்கலாம், அல்லது வேலையைச் செய்து முடித்துவிட்டுக் கழிக்காமல் விடலாம். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் செய்ய வேண்டும். வேலையையும் செய்துவிட்டு, வாங்குபவர் கேட்டார் என்பதற்காக விலையிலும் குறைத்தால் விற்பவர் ஒரே பழுதுக்கு இரண்டு முறை பணம் கொடுக்கிறார். நாங்கள் கழித்தோம். 63,000த்தோடு 2,000 கூட்டி 1,600 கழித்தால் 63,400 ரூபாய். வண்டியின் நியாயமான விலை அதுதான்.

மூன்றாவது, நிலுவைகளைக் கையாள்வதில் உள்ள தவறு. தம்பி வங்கிசாரா நிதி நிறுவனம் ஒன்றில் வாங்கிய கடனில் கடைசித் தவணையான 3,400 ரூபாயைக் கட்டாமல் விட்டிருந்தான்; அபராதமும் சேர்த்து அது 4,300 ஆகியிருந்தது. ஹெல்மெட் அணியாததற்கு 1,000 ரூபாய் இ-சலான் ஒன்று கிடந்தது. இன்சூரன்சும் காலாவதியாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. புதிய இருசக்கர வாகனத்தோடு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு எடுப்பது 2018 செப்டம்பரிலிருந்து கட்டாயம் என்பதால், 2020இல் வாங்கியவர்கள் பலரும் அதை மறந்தே போய், 2025இல் அது முடிந்தபோது கவனிக்கவில்லை. 150 சிசி வரையிலான வண்டிக்கு ஓராண்டு மூன்றாம் நபர் காப்பீடு வரியோடு ஏறக்குறைய 850 ரூபாய்.

இந்த நிலுவைகளைப் பற்றித் தம்பி, 'வாங்குகிறவர் பாதி ஏற்றுக்கொள்ளட்டும்' என்றான். விற்கும் நாளுக்கு முன்பு உருவான கடனும் அபராதமும் வண்டியின் மதிப்பில் எதையும் கூட்டுவதில்லை. அவை முழுக்க விற்பவருடையவை. ஆகவே அவற்றை விலையோடு சேர்க்கவும் கூடாது, பாதியாகப் பிரிக்கவும் கூடாது. விலை 63,400 என்றே இருக்கும். நிலுவைகளைக் கட்டிய பிறகு கையில் எஞ்சுவதுதான் குறையும். இதைச் செய்தால் விற்பவருக்கு ஒரு நன்மையும் உண்டு. வாங்குபவர் `echallan.parivahan.gov.in` தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கும்போது சலான் எதுவும் இல்லை என்று வந்தால், மீதிப் பேச்சு எளிதாகிவிடும். மாறாக ஏதேனும் ஒன்று தெரிந்தால், அந்த 1,000 ரூபாய்க்காக அவர் 5,000 குறைத்துக் கேட்பார்.

கடனில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. கடைசித் தவணையைக் கட்டியதோடு வேலை முடிவதில்லை. நிதி நிறுவனத்திடமிருந்து தடையில்லாச் சான்றும் கையொப்பமிட்ட படிவம் 35ம் பெற்று, ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்க விண்ணப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணத்தையும் அலைச்சலையும் சேர்த்துத் தம்பிக்கு 800 ரூபாய் ஆனது. கடன், சலான், காப்பீடு, கடன் நீக்கம் எல்லாம் கூட்ட 6,950. ஆக 63,400க்கு விற்றால் கைக்கு வருவது 56,450 ரூபாய். முதலில் இந்தத் தொகையைக் கேட்டபோது அவனுக்கு வருத்தமாகத்தான் இருந்தது; ஆனால் குறைந்தபட்சம் எவ்வளவுக்கு விற்கலாம் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

பெயர் மாற்றச் செலவைப் பேசாமல் விட்டுவிடுவது நான்காவது தவறு. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இருசக்கர வாகனத்துக்கான பெயர் மாற்றக் கட்டணம் 150 ரூபாய்தான், ஆர்.சி. அட்டைக் கட்டணம், சேவைக் கட்டணம், ஏஜென்ட் கூலி ஆகியவற்றால் அது பெருகுகிறது. ஏஜென்ட்டிடம் கொடுத்தால் மொத்தம் 1,500 வரை கேட்டார்கள். நாமே ஆன்லைனில் விண்ணப்பித்துப் போனால் அதில் பெரும்பகுதி மிச்சம். பெயர் மாற்றத்தால் பயன் பெறுபவர் வாங்குபவர் என்பதால் இந்தச் செலவை அவர் ஏற்பது வழக்கம். ஆனால் வாய்ப்பேச்சில் 'எல்லாம் சேர்த்து' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு வாதம் எழும். விலை சொல்லும்போதே 'பெயர் மாற்றச் செலவு உங்களுடையது' என்றோ, 'அதையும் சேர்த்த விலை இது' என்றோ தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

இந்த 1,500 ரூபாயை மிச்சப்படுத்துவதற்காக, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் தேதி போடாமல் கையெழுத்திட்டு, பெயரை மாற்றாமலே வண்டியை ஒப்படைக்கும் பழக்கத்தைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்பவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு. பதிவுப் புத்தகத்தில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. வாங்கியவர் கல்லட்டி இறக்கத்தில் யாரையாவது இடித்துவிட்டால் நோட்டீஸ் வருவது குன்னூர் முகவரிக்குத்தான்.

பேரத்துக்கு இடம் விட்டு, பெயர் மாற்றச் செலவு வாங்குபவருடையது என்ற குறிப்போடு 66,500 ரூபாய் என்று தம்பி விளம்பரம் போட்டான். விளம்பரத்தில் ஃபோர்க் கசிவையும் பிரேக் பேடையும் எழுதி, நிலுவை ஏதுமில்லை என்பதற்கான ரசீதுகளின் படங்களையும் சேர்த்தான். ஒன்பதாம் நாள் கோத்தகிரியிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவர் வந்து, மேட்டிலும் இறக்கத்திலும் ஓட்டிப் பார்த்து, 63,500க்கு முடித்தார். பணத்தை வங்கி வழியாகப் பெற்று, ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் எழுதிய தாளில் இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டார்கள். பெயர் மாற்ற விண்ணப்பத்தை அன்று மாலையே பதிவேற்றிய பிறகுதான் தம்பி சாவியைக் கொடுத்தான்.