கமிஷனைக் கழித்த பிறகே ஆட்ஸைப் பாருங்கள்

பந்தய எக்ஸ்சேஞ்சில் திரையில் தெரியும் ஆட்ஸ் உங்கள் கைக்கு வரும் ஆட்ஸ் அல்ல. கமிஷன் லாபத்தில்தான் பிடிக்கப்படுகிறது. தோற்றால் பிடித்தம் இல்லை. அதனால் நட்டம் முழுதாகவே நிற்க, லாபம் மட்டும் மெலிகிறது.

கமிஷன் 5 சதவீதம், ஆட்ஸ் 3.00 என்று வைத்துக்கொள்வோம். ஒரு குதிரை வெல்லும் என்று 100 கட்டி, அதாவது பேக் செய்து, அது வென்றால் லாபம் 200 அல்ல, 190. உண்மையான ஆட்ஸ் 2.90 தான். குதிரை வெல்லும் வாய்ப்பு மூன்றில் ஒன்று என்று நீங்கள் கணித்திருந்தால், 3.00-இல் பேக் செய்வது நட்டக் கணக்கு. குறைந்தது 3.11 கிடைக்க வேண்டும். சூத்திரம் இது, இதில் நியாய ஆட்ஸ் என்பது உங்கள் கணிப்புக்குச் சரியாகப் பொருந்தும் ஆட்ஸ், மூன்றில் ஒன்று வாய்ப்புக்கு 3.00; c என்பது கமிஷன், 5 சதவீதத்துக்கு 0.05:

```
பேக் = 1 + (நியாய ஆட்ஸ் - 1) / (1 - c)
லே   = 1 + (நியாய ஆட்ஸ் - 1) × (1 - c)
```

குதிரை வெல்லாது என்று எதிர்ப்பக்கம் நிற்பவருக்கு, அதாவது லே செய்பவருக்கு, இது தலைகீழ். வென்றால் 95 வருகிறது, தோற்றால் 200 போகிறது. ஆகவே அவருக்கு 2.90 அல்லது அதற்குக் கீழே கிடைத்தால்தான் கட்டுபடியாகும். இரண்டுக்கும் நடுவில் எந்தப் பக்கம் போனாலும் பயனில்லை. ஆட்ஸ் ஏற ஏற இந்த இடைவெளியும் அகலும்: நியாய ஆட்ஸ் 10 என்றால் பேக்குக்கு 10.47, லேக்கு 9.55.

ஒரே சந்தையில் பேக், லே இரண்டையும் செய்தால் கதை வேறு. கமிஷன் பெரும்பாலும் அந்தச் சந்தையின் நிகர லாபத்துக்குத்தான். 3.00-இல் 100 பேக், 2.90-இல் 100 லே செய்து குதிரை வென்றால் நிகரம் 10. பிடித்தம் 50 காசு அளவுக்குத்தான், அதாவது 0.50. இங்கே மேலுள்ள சூத்திரத்தை ஒவ்வொரு பந்தயத்துக்கும் தனித்தனியாகப் போட்டால், லாபமான வாய்ப்பையே நட்டம் என்று ஒதுக்கிவிடுவீர்கள்.