சம்பளம் வரவில்லை என்று கணக்குப் பிரிவுக்கு எழுதும்போது

கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் ஒருவருக்கு அக்டோபர் 6-ஆம் தேதியாகியும் செப்டம்பர் சம்பளம் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். உடன் வேலை செய்பவர்களுக்கெல்லாம் 30-ஆம் தேதியே வந்துவிட்டது. ஆறு நாள் பொறுத்தவர், கணக்குப் பிரிவுக்கு இப்படி எழுதுகிறார்:

"சார், இந்த மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை. எல்லாருக்கும் போட்டுவிட்டு எனக்கு மட்டும் ஏன் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்? வீட்டு வாடகையை யார் கட்டுவது? நான் ஒரு நாள் வராவிட்டால் உடனே பிடித்தம் செய்யத் தெரிகிறது, கொடுக்க மட்டும் தெரியவில்லையா? எப்போது வரும் என்று உடனே பதில் சொல்லவும்."

இதில் உள்ள கோபம் நியாயமானது. ஆனால் இதைப் படிக்கும் அலுவலர் என்ன செய்ய முடியும் என்று பாருங்கள். எழுதியவரின் பணியாளர் எண் இல்லை. "இந்த மாதச் சம்பளம்" என்றால் செப்டம்பரா, அக்டோபரா? செப்டம்பருக்கான ஊதியம் அக்டோபரில் கைக்கு வரும் இடங்களில் இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது. ஆகவே அலுவலர் முதலில் திருப்பிக் கேட்பார்: "உங்கள் பணியாளர் எண் என்ன, எந்த மாதம்?" கேள்விக்குக் கேள்வியே பதிலாக வந்து ஒரு நாள் போய்விடும்.

எழுதுவதற்கு முன்பே நடக்கும் தவறு ஒன்று இருக்கிறது. ஊதியச் சீட்டைப் பார்க்காமல் எழுதுவதுதான் அது. சீட்டு வந்து, அதில் நிகர ஊதியமும் சரியாக இருந்தால், கணக்கிடும் வேலை முடிந்துவிட்டது என்று பொருள். சிக்கல் பணம் அனுப்பியதிலோ வங்கியிலோ இருக்கும். அது கணக்குப் பிரிவின் வேலை. சீட்டே வரவில்லை என்றால், அல்லது வேலை செய்த நாட்கள் குறைவாகக் காட்டப்பட்டிருந்தால், பெரும்பாலும் வருகைப் பதிவு சரியாகப் போய்ச் சேரவில்லை. அதை மனிதவளப் பிரிவில்தான் கேட்க வேண்டும். கணக்குப் பிரிவில் கேட்டால், "எங்களுக்கு வந்த பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது" என்பார்கள். அவர்கள் தட்டிக்கழிக்கவில்லை; உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

நம் பணியாளர் சீட்டைத் திறந்து பார்க்கிறார். சரியாக இருக்கிறது. அப்போதுதான் செப்டம்பர் 12-இல் வங்கிக் கணக்கை மாற்றக் கொடுத்த படிவம் நினைவுக்கு வருகிறது. பழைய கணக்கை 20-ஆம் தேதியே மூடிவிட்டார். கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. படிவம் மனிதவளப் பிரிவிலேயே தங்கிவிட்டிருந்தால், பணம் பழைய கணக்குக்குத்தான் போயிருக்கும். மூடிய கணக்கில் வரவு வைக்க முடியாது. நெஃப்ட் வழியே போன தொகை அனுப்பிய நிறுவனத்தின் கணக்குக்கே திரும்பி வந்துவிடும். ரிசர்வ் வங்கி விதிப்படி, வரவு வைக்க முடியாத தொகையை, அது சேர்ந்து வந்த பரிமாற்றத் தொகுதியின் கணக்குத் தீர்வு முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் வங்கி திருப்ப வேண்டும். ஆக, பணம் அன்றைக்கே அலுவலகக் கணக்கில் வந்து உட்கார்ந்திருக்கலாம். நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவில் கிடக்கும் அந்த ஒரு வரவை யாரும் கவனிக்காமல் இருப்பது வெகு சாதாரணம். அதை நோக்கி விரல் நீட்டுகிற கடிதம்தான் வேண்டும்.

கோபத்தைக் குறைத்து எழுதுங்கள் என்றதும் பலர் எதிர்க்கரைக்குப் போய்விடுகிறார்கள். "தாங்கள் கருணை கூர்ந்து எனது ஏழ்மை நிலையைக் கருத்தில் கொண்டு, தாழ்மையுடன் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதுகிறார்கள். பழைய மனு எழுதும் பழக்கம் இது. எனக்கு இது திட்டிய கடிதத்தைவிடச் சங்கடமாக இருக்கிறது. செய்த வேலைக்கான ஊதியத்தைக் கேட்பவர் யாரிடமும் இரக்கம் தேட வேண்டியதில்லை. அலுவலருக்கும் அதனால் பயனில்லை. நான்கு வரி பணிவைத் தாண்டித்தான் அவர் செய்தியைத் தேட வேண்டியிருக்கும். "மதிப்பிற்குரிய", "வணக்கம்", "தெரிவிக்க வேண்டுகிறேன்" ஆகிய மூன்றுமே போதிய மரியாதை.

திருத்திய கடிதம் இப்படி அமையலாம்:

"பொருள்: செப்டம்பர் மாத ஊதியம் வரவாகாதது – பணியாளர் எண் 1147

மதிப்பிற்குரிய கணக்குப் பிரிவு அலுவலருக்கு, வணக்கம்.

செப்டம்பர் மாத ஊதியம் இன்று, அக்டோபர் 6 காலை வரை என் கணக்கில் வரவாகவில்லை. ஊதியச் சீட்டு வந்துள்ளது. நிகர ஊதியம் ரூ.27,450.

வங்கிக் கணக்கை மாற்றுவதற்கான படிவத்தைச் செப்டம்பர் 12 அன்று மனிதவளப் பிரிவில் கொடுத்திருந்தேன். புதிய கணக்கின் கடைசி நான்கு இலக்கங்கள் 3308. பழைய கணக்கு செப்டம்பர் 20 அன்று மூடப்பட்டது. தொகை பழைய கணக்குக்கு அனுப்பப்பட்டுத் திரும்பியிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

எந்தக் கணக்குக்கு அனுப்பப்பட்டது என்பதையும், திரும்பியிருந்தால் மீண்டும் எந்தத் தேதியில் அனுப்பப்படும் என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன். புதிய கணக்குக்கே அனுப்பியிருந்தால், யு.டி.ஆர். எண்ணைத் தந்தால் வங்கியில் விசாரித்துக்கொள்வேன். 10-ஆம் தேதி வீட்டு வாடகை கட்ட வேண்டியிருப்பதால், அதற்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

படிவத்தின் நகலை இணைத்துள்ளேன். நன்றி."

முதல் கடிதத்தில் இருந்த வாடகை இதிலும் இருக்கிறது. அங்கே அது குத்தலாக வந்தது. இங்கே ஒரு தேதியைச் சொல்வதற்காக வருகிறது. சக ஊழியர்களுக்குச் சம்பளம் வந்ததைப் பற்றிய பேச்சு போய்விட்டது; பிடித்தம் பற்றிய குத்தல், உண்மையிலேயே தவறாகப் பிடித்திருந்தால் தனிக் கடிதத்துக்கு உரியது. "எப்போது வரும்?" என்ற ஒற்றைக் கேள்வி, அலுவலர் வங்கிப் பட்டியலைத் திறந்ததும் பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகப் பிரிந்திருக்கிறது. யு.டி.ஆர். எண் என்பது ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் உரிய அடையாள எண். அது கையில் இருந்தால் உங்கள் வங்கிக் கிளையிலேயே பணத்தின் தடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

கணக்கு எண்ணை முழுதாக எழுதாமல் கடைசி நான்கு இலக்கங்களோடு நிறுத்தியதையும் கவனியுங்கள். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் சம்பளத் தொகை, முழுக் கணக்கு எண், காசோலைப் படம் எல்லாவற்றையும் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. செய்யவே கூடாது. கணக்குப் பிரிவின் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுப்பினால் போதும். முதல் கடிதத்திலேயே நிர்வாக இயக்குநருக்கும் நகல் போடுவது வேகத்தைக் கூட்டும் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அலுவலரின் கவனம் பணத்தைத் தேடுவதிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் விளக்கம் எழுதுவதற்குத் திரும்பிவிடும்.

இரண்டு வேலை நாட்களில் பதில் இல்லையென்றால், அதே மின்னஞ்சலுக்கு மறுமொழியாகவே நினைவூட்டுங்கள். புதிதாக ஒன்று எழுதினால் பழைய விவரங்கள் எல்லாம் பிரிந்துபோகும். சட்டத்தைச் சொல்வதற்கும் இரண்டாம் கடிதமே பொருத்தமான இடம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, மாத ஊதியத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதி முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. நம் பணியாளர் 6-ஆம் தேதி அதை எழுதியிருந்தால், கெடு இன்னும் முடியவில்லை என்ற பதிலோடு பேச்சு நின்றுபோயிருக்கும். 8-ஆம் தேதி நினைவூட்டும்போது, "ஊதியம் வழங்க வேண்டிய 7-ஆம் தேதி கடந்துவிட்டதால், இன்றே நிலவரத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்" என்று ஒரு வரி எழுதினால் போதும். பிரிவு எண்கள் தேவையில்லை. நிர்வாக இயக்குநருக்கு நகல் போடுவதானால் அதையும் இந்தக் கடிதத்தில் போடலாம்.