சிஐஎன் எந்தக் கட்டத்தில், பான் எந்தக் கட்டத்தில்? கம்பெனி படிவம் நிரப்பும் முறை

பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கியவர்களை முதலில் குழப்புவது வரி விகிதம் அல்ல, எண்கள்தான். வங்கிப் படிவம் "பதிவு எண்" கேட்கும். வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவு "டாக்ஸ் ஐடி" கேட்கும். நம் கையில் சிஐஎன், பான், டான், ஜிஎஸ்டி எண் என்று நான்கு இருக்கும். எங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து முதல் ஆர்டர் வந்தபோது இந்தக் குழப்பத்தை உட்கார்ந்து தீர்க்க வேண்டியதாயிற்று. அப்போது தெரிந்துகொண்டதை அப்படியே எழுதுகிறேன். இது இந்தியாவில் பதிவான கம்பெனிகளுக்கானது.

முதலில் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்

பதிவு எண்ணை உள்ளடக்கிய சிஐஎன்னைத் தருவது கம்பெனிப் பதிவாளர் அலுவலகம், அதாவது ஆர்ஓசி. "இப்படி ஒரு கம்பெனி சட்டப்படி இருக்கிறது" என்பதற்கு அது சாட்சி. வரி எண்ணான பானைத் தருவது வருமான வரித் துறை. "இந்தப் பணம் யாருடைய கணக்கில் வருமானமாகச் சேரும்" என்பதற்கு அது அடையாளம். ஒரு கட்டத்தின் பெயர் குழப்பினால், கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று பாருங்கள். கம்பெனி உண்மையில் இருக்கிறதா என்று பார்க்கவா? சிஐஎன். வரி பிடிக்கவோ வரித் துறைக்குத் தெரிவிக்கவோவா? பான்.

படி 1: சான்றிதழை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

கம்பெனி பதிவானதும் வந்த இன்கார்ப்பரேஷன் சான்றிதழைத் திறங்கள். சமீப ஆண்டுகளில் பதிவான கம்பெனிகளுக்கு சிஐஎன், பான், டான் மூன்றும் அந்த ஒரே தாளில் இருக்கும். ஜிஎஸ்டி எண் அதில் இருக்காது, அதற்குத் தனிச் சான்றிதழ் உண்டு. நான்கையும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் தட்டச்சு செய்து வைத்துக்கொள்ளுங்கள். பான் அட்டையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் தேடும் பழக்கம் வேண்டாம். படத்தைப் பார்த்து அடிக்கும்போது பூஜ்யமும் ஆங்கில ஓ எழுத்தும் மாறிவிடும்.

கோவையில் உள்ள ஒரு மென்பொருள் கம்பெனி என்று வைத்துக்கொண்டு ஒரு மாதிரி தருகிறேன். விளக்கத்துக்காக நான் அமைத்த எண்கள் இவை:

```
CIN   : U62011TZ2021PTC012345
PAN   : AABCK0000L
TAN   : CMBK00000D
GSTIN : 33AABCK0000L1Z7
```

படி 2: சிஐஎன்னைப் பிரித்துப் படியுங்கள்

இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் நின்றேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிஐஎன்னில் 21 எழுத்துகளும் இலக்கங்களும் உண்டு. முதலில் உள்ள `U`, பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத கம்பெனி என்று சொல்கிறது. பட்டியலிடப்பட்டால் அங்கே `L` வரும். அடுத்த ஐந்து இலக்கங்கள் தொழில் வகைக்கான குறியீடு. பிறகு இரண்டு எழுத்தில் மாநிலம், நான்கு இலக்கத்தில் பதிவான ஆண்டு, மூன்று எழுத்தில் கம்பெனியின் வகை. `PTC` என்றால் பிரைவேட் லிமிடெட், `PLC` என்றால் பப்ளிக் லிமிடெட், `OPC` என்றால் ஒருநபர் கம்பெனி. கடைசி ஆறு இலக்கங்கள்தான் ஆர்ஓசி கொடுத்த பதிவு எண்.

ஆக, கண்டிப்பாகச் சொன்னால் "பதிவு எண்" என்பது `012345` மட்டுமே. அதை உள்ளடக்கிய முழு அடையாளம்தான் சிஐஎன். சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. Company Registration Number என்று தலைப்பிட்ட கட்டத்தில் சில படிவங்கள் முழு சிஐஎன்னை எதிர்பார்க்கும், சில அந்த ஆறு இலக்கத்தை மட்டும் எதிர்பார்க்கும். கட்டம் எழுத்துகளை ஏற்காமல் எண்களை மட்டும் ஏற்றால் ஆறு இலக்கம் போடுங்கள். முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விட்டுவிடாதீர்கள். எக்செல் அதைத் தானாக விழுங்கிவிடும், ஆகவே அந்தக் கட்டத்தை முதலிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றிக்கொள்ளுங்கள். மற்ற எல்லா இடத்திலும் முழு சிஐஎன்தான் நல்லது. ஆறு இலக்கம் தனியாக நின்றால் எந்த ஆர்ஓசி, எந்த ஆண்டு என்று தெரியாது. அதே எண் வேறொரு மாநிலக் கம்பெனிக்கும் இருக்கலாம்.

மேற்கு மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொன்று. மேலே மாநிலக் குறியீடு `TN` என்று இல்லாமல் `TZ` என்று இருப்பதைப் பாருங்கள். அது அச்சுப் பிழை இல்லை. தமிழ்நாட்டில் சென்னை, கோவை என்று இரண்டு ஆர்ஓசி அலுவலகங்கள் உண்டு. சென்னையில் பதிவானால் `TN`, கோவையில் பதிவானால் `TZ`. ஒரு வங்கிக் கிளையில் எங்கள் படிவத்தை வாங்கியவர் நல்ல எண்ணத்தோடு அதை `TN` என்று "திருத்தி" அனுப்பிவிட்டார். அப்படி ஒரு கம்பெனியே இல்லை என்று படிவம் திரும்பி வந்தது. யாராவது திருத்தச் சொன்னால் சான்றிதழைக் காட்டுங்கள், எண்ணில் கை வைக்காதீர்கள்.

படி 3: பானைப் பாருங்கள்

பானில் பத்து இடங்கள். நான்காவது எழுத்து `C` என்றால் கம்பெனி, `P` என்றால் தனிநபர், `F` என்றால் கூட்டு நிறுவனம். ஐந்தாவது எழுத்து பெயரின் முதல் எழுத்து. கம்பெனிப் படிவத்தில் நிரப்பப்போகும் பானின் நான்காவது எழுத்து `P` என்று இருந்தால் உடனே நிறுத்துங்கள். அது இயக்குநரின் சொந்தப் பான். பணம் கம்பெனிக்கு வரும், பிடித்த வரி இயக்குநரின் பெயரில் போய் உட்காரும். அதைப் பிரித்தெடுப்பதற்குள் ஆடிட்டருக்கும் நமக்கும் போதும் போதும் என்றாகிவிடும்.

பான் கட்டத்தைக் காலியாக விட்டாலோ அதில் சிஐஎன்னை எழுதினாலோ என்ன ஆகும்? உள்ளூர் வாடிக்கையாளர் ஒருவர் தொழில்முறைச் சேவைக்காக உங்களுக்கு 1,00,000 ரூபாய் தர வேண்டும், 10% டிடிஎஸ் பிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சரியான பான் இருந்தால் 10,000 பிடித்து 90,000 தருவார். அந்த 10,000, உங்கள் பானில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் பக்கத்தில் தெரியும். பான் இல்லையென்றால் சட்டப்படி அவர் 20% பிடிக்க வேண்டும், கைக்கு 80,000தான் வரும். பிடித்த 20,000 எந்தப் பானோடும் சேராததால் உங்கள் பக்கத்தில் தெரியவும் தெரியாது. ஆன்லைன் படிவம் என்றால் பத்து இடத்தில் 21 எழுத்தை ஏற்காது, தப்பித்துவிடுவீர்கள். காகிதத்திலோ எக்செல்லிலோ நிரப்பும்போதுதான் கவனம் தேவை.

டான் என்பது நீங்கள் மற்றவரிடம் வரி பிடித்துக் கட்டும்போது பயன்படுத்தும் எண். உங்களுக்குப் பணம் தருபவருக்கு அது தேவையில்லை.

படி 4: வெளிநாட்டுப் படிவத்தை நிரப்புங்கள்

ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் அனுப்பும் படிவத்தில் பெரும்பாலும் மூன்று கட்டங்கள் இருக்கும். Company Registration Number கட்டத்தில் முழு சிஐஎன். Tax Identification Number கட்டத்தில் பான். VAT Number கட்டத்தில் ஜிஎஸ்டி எண். மூன்றாவது இடத்தில் "இந்தியாவில் வாட்டுக்கு இணையானது ஜிஎஸ்டி" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், அடுத்த மின்னஞ்சல் வராது.

அமெரிக்க வாடிக்கையாளர் W-8BEN-E படிவம் கேட்பார். அதில் வரி 8 அமெரிக்க வரி எண்ணுக்கானது. உங்களிடம் அது இல்லையென்றால் பானைக் கொண்டுபோய் அங்கே எழுதாதீர்கள். வரி 9b-இல் Foreign TIN என்று இருப்பதுதான் பானுக்கான இடம். சிஐஎன்னுக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை, ஏனென்றால் அது முழுக்க முழுக்க வரிப் படிவம்.

"டின்" என்ற சொல் நம் ஊரில் ஏற்கெனவே வேறு பொருளில் புழங்கியது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருவதற்கு முன், வாட் பதிவுக்குக் கிடைத்த 11 இலக்க எண்ணுக்கு அந்தப் பெயர். பழைய பில் புத்தகத்தில் இருக்கும் அந்த எண்ணை எடுத்து வெளிநாட்டுப் படிவத்தில் போடக் கூடாது.

படி 5: அனுப்புமுன் சரிபாருங்கள்

சிஐஎன்னுக்கு கம்பெனி விவகார அமைச்சகத்தின் mca.gov.in தளத்தில் உள்ள View Company/LLP Master Data பக்கம். ஜிஎஸ்டி எண்ணுக்கு gst.gov.in தளத்தின் Search Taxpayer. கம்பெனி விவரங்களைத் திரட்டிக் காட்டும் தனியார் தளங்களை நான் நம்புவதில்லை. முகவரி மாறி மாதங்கள் ஆன பின்னும் பழையதையே காட்டும்.

இப்படிச் சரிபார்க்கும்போது ஒன்றைக் கவனிக்கலாம். அமைச்சகத்தின் பக்கத்தில் சிஐஎன் வெளிப்படையாக இருக்கும், பான் இருக்காது. ஆனால் ஜிஎஸ்டி எண்ணில் மூன்றாவது இடத்திலிருந்து பன்னிரண்டாவது இடம் வரை பார்த்தால் அப்படியே உங்கள் பான். முன்னால் இருக்கும் `33` தமிழ்நாட்டின் குறியீடு. எனவே ஜிஎஸ்டி எண் போட்ட பில்லில் பானைத் தனியாக அச்சிட வேண்டிய தேவை இல்லை.

சிஐஎன் அப்படி இல்லை. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 12-இன்படி கடிதத்தாள், பில், அறிவிப்பு எல்லாவற்றிலும் கம்பெனியின் பெயர், பதிவு அலுவலக முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் ஆகியவற்றோடு சிஐஎன்னும் இருக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வீதம், அதிகபட்சம் ஒரு லட்சம் வரை அபராதம். கடிதத்தாளில் பானைப் பெரிதாகப் போட்டுவிட்டு சிஐஎன்னை விட்டுவிடும் கம்பெனிகளை நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து மாற்றுங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

"பதிவு அலுவலகத்தைப் பெங்களூருக்கு மாற்றினோம், எந்த எண் மாறும்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். மாநிலக் குறியீடு மாறுவதால் சிஐஎன் மாறும். பிரைவேட் கம்பெனி பப்ளிக் ஆனாலும் மாறும். பான் மாறாது. பெயரை மாற்றினால்கூடப் புதுப் பெயரில் அதே பான்தான், அட்டையை மட்டும் புதிதாக வாங்க வேண்டும். ஜிஎஸ்டி எண் மாநிலத்துக்கு ஒன்று என்பதால் கர்நாடகத்தில் புதிதாகப் பதிய வேண்டும். சிஐஎன் மாறிய செய்தியை வங்கிக்கும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும், யாரும் தானாகத் தெரிவிக்க மாட்டார்கள்.

எல்எல்பி வைத்திருப்பவர்களுக்கு சிஐஎன் கிடையாது. அவர்களுக்கு எல்எல்பின் என்ற எண், மூன்று எழுத்தும் நான்கு இலக்கமுமாக `AAA-0000` என்ற வடிவில் இருக்கும். பதிவு எண் கேட்கும் கட்டத்தில் அதைப் போடலாம். அவர்களுடைய பானில் நான்காவது எழுத்து `F`.

தனி உரிமையாளராகக் கடை நடத்தும் ஒரு அக்கா, உத்யம் எண்ணைக் கம்பெனிப் பதிவு எண்ணாகக் கொடுக்கலாமா என்று கேட்டார். கூடாது அக்கா. உத்யம் என்பது சிறு, குறு தொழில் என்பதற்கான பதிவு, கம்பெனிப் பதிவு ஆகாது. தனி உரிமை நிறுவனத்துக்கு ஆர்ஓசி பதிவு எண்ணே கிடையாது. அந்தக் கட்டத்தில் "பொருந்தாது" என்று எழுதி, வரி எண் கட்டத்தில் உங்கள் சொந்தப் பானைக் கொடுங்கள். உங்களுக்கு மட்டும் அதில் `P` இருப்பதுதான் சரி. படிவம் அதை ஏற்காவிட்டால், "தனி உரிமை நிறுவனம், ஆர்ஓசி பதிவு இல்லை" என்று கேட்டவருக்கு மின்னஞ்சலில் எழுதி, ஜிஎஸ்டி சான்றிதழை இணைத்து அனுப்புங்கள். உரிமையாளர் பெயர், கடைப் பெயர், நிறுவன வகை மூன்றும் அதில் இருக்கும்.