தொழில் மின்னஞ்சல் சேவையை நிறுத்தும் முன் பழைய மடல்களைப் பத்திரப்படுத்துவது எப்படி?

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் என் மைத்துனர், தமது டொமைனில் இருந்த மூன்று மின்னஞ்சல் முகவரிகளையும் வேறு சேவைக்கு மாற்றிவிட்டுப் பழைய சந்தாவை ரத்து செய்ய விரும்பினார். ஆறு ஆண்டு மடல்கள், ஏறத்தாழ 9 ஜிபி. "எல்லா மெயிலும் என் லேப்டாப்பிலேயே தெரிகிறதே, நிறுத்திவிடலாமே?" என்று அவர் கேட்டார். புதியவர்கள் பலரும் சறுக்கும் இடம் இதுதான்.

இன்றைய மின்னஞ்சல் செயலிகள் பெரும்பாலும் ஐமேப் முறையில் சர்வருடன் இணைகின்றன. அந்த முறையில் உங்கள் கணினியிலும் கைபேசியிலும் தெரிவது, சர்வரில் உள்ள பெட்டியின் பிம்பம் மட்டுமே. பல கைபேசிச் செயலிகள் அண்மைக்கால மடல்களை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டு, பழையவற்றை நீங்கள் தொடும்போதுதான் சர்வரிலிருந்து எடுத்துவருகின்றன. சேவை நின்றால் அந்தப் பிம்பத்தை நம்ப முடியாது. ஆகவே, சர்வரோடு தொடர்பில்லாத தனிப் பிரதி ஒன்றை முதலில் உருவாக்க வேண்டும்.

படி 1: எதை நிறுத்துகிறோம் என்று பிரித்துப் பாருங்கள்

டொமைன் பதிவு, அந்த டொமைனின் தளமும் மடலும் எந்தச் சர்வரில் இருக்கின்றன என்று காட்டும் டிஎன்எஸ் பதிவுகள், இணையதள ஹோஸ்டிங், மின்னஞ்சல் ஆகிய நான்கும் ஒரே நிறுவனத்தின் ஒரே பில்லில் வந்தாலும் அவை தனித்தனிச் சேவைகள். விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, `example.com` உள்ள இடத்தில் உங்கள் டொமைனை இட்டு இவ்விரு கட்டளைகளையும் இயக்குங்கள்.

```
nslookup -type=ns example.com
nslookup -type=mx example.com
```

முதலாவது, உங்கள் டிஎன்எஸ் யாரிடம் இருக்கிறது என்பதையும், இரண்டாவது, மடல்கள் இப்போது எங்கே போய்ச் சேருகின்றன என்பதையும் காட்டும். நீங்கள் நிறுத்தவிருக்கும் அதே திட்டத்துக்குள் டிஎன்எஸ்ஸும் இருந்தால், ரத்து செய்த கணமே இணையதளமும் புதிய மின்னஞ்சலும் சேர்ந்தே படுத்துவிடும். அப்படியானால் டிஎன்எஸ் பதிவுகளை முதலில் டொமைன் பதிவு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 2: தண்டர்பேர்டில் தனிப் பிரதி

தண்டர்பேர்ட் என்ற இலவச மென்பொருளை நிறுவி, பழைய கணக்கை ஐமேப் முறையில் சேருங்கள். கணக்கின் அமைப்புகளில் `Synchronize all messages locally regardless of age` என்பது தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கணக்கின் பெயரை வலது சொடுக்கி, `Subscribe` பட்டியலில் எல்லாக் கோப்புறைகளையும் டிக் செய்யுங்கள். டிக் செய்யாத கோப்புறை சர்வரில் இருந்தாலும் திரையில் தெரியாது.

அடுத்து, இடப்பக்கத்தில் கீழே உள்ள `Local Folders` என்பதன் கீழ் அதே பெயர்களில் கோப்புறைகளை உருவாக்குங்கள். மடல்களைத் தேர்ந்தெடுத்து வலது சொடுக்கி, `Copy To` வழியாக அங்கே அனுப்புங்கள். அருகிலேயே இருக்கும் `Move To` பக்கம் கை போகக் கூடாது, ஏனெனில் அது சர்வரிலிருந்து மடலை எடுத்துவிடும், இடையில் இணைப்பு அறுந்தால் எது எங்கே இருக்கிறது என்ற குழப்பம்தான் மிஞ்சும். பெரிய கோப்புறைகளை ஒரே மூச்சில் பிரதியெடுக்காமல், இரண்டாயிரம் மடல்கள் அளவில் பகுதி பகுதியாக எடுத்தால், பாதியில் நின்றாலும் எங்கே நின்றது என்று தெரியும்.

முகவரிப் புத்தகமும் நாட்காட்டியும் ஐமேப் வழியாக வராது. பழைய வெப்மெயிலுக்குள் நுழைந்து, அவற்றை `.vcf`, `.ics` கோப்புகளாகத் தனியே ஏற்றுமதி செய்ய வேண்டும்.

படி 3: எண்ணிப் பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்குவேன். கோப்புறையை வலது சொடுக்கி `Properties` திறந்தால் மடல்களின் எண்ணிக்கை தெரியும். சர்வரில் உள்ள கோப்புறையின் எண்ணையும் உள்ளூர்ப் பிரதியின் எண்ணையும் ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதி ஒப்பிடுங்கள்.

மைத்துனரின் கணக்கில் எண்கள் கச்சிதமாகப் பொருந்தின. ஆனாலும், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு அவர் கைபேசியிலிருந்து அனுப்பிய விலைப்பட்டியல் பிரதியில் அகப்படவில்லை. தேடியபோது, `Sent` என்றும் `Sent Items` என்றும் சர்வரில் இரண்டு கோப்புறைகள் இருப்பது தெரிந்தது. கணினி ஒன்றிலும் கைபேசி மற்றொன்றிலுமாக, அனுப்பிய மடல்களை ஆண்டுக்கணக்கில் சேமித்து வந்திருக்கின்றன. இரண்டாவதை `Subscribe` பட்டியலில் டிக் செய்ய மறந்தவன் நான்தான். எனவே எண்ணிக்கையை மட்டும் நம்பாமல், வெப்மெயிலில் தெரியும் கோப்புறைப் பட்டியலையும் வைத்துச் சரிபாருங்கள்.

கடைசிச் சோதனையாக, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஒவ்வோர் ஆண்டிலிருந்தும் இணைப்புக் கோப்பு உள்ள ஒரு மடலை `Local Folders` பகுதியிலிருந்து திறந்து பாருங்கள். கோப்பு திறந்தால் பிரதி உண்மையானது. பிறகு `Help` பட்டியலில் `Troubleshooting Information` சென்று, `Profile Folder` இடத்தைக் கண்டுபிடித்து, தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்தக் கோப்புறையை முழுமையாக ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் படியெடுங்கள். லேப்டாப் ஒன்றில் மட்டும் இருப்பதை நான் பிரதி என்று சொல்ல மாட்டேன்.

படி 4: புதிய மடல்களின் பாதையை மாற்றுங்கள்

பழைய முகவரிகள் அனைத்தையும், மாற்று முகவரிகள் உட்பட, புதிய சேவையில் முதலில் உருவாக்கிவிடுங்கள். மாற்றத்துக்கு முந்தைய நாள், டிஎன்எஸ் பக்கத்தில், மடல்கள் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் MX பதிவின் TTL மதிப்பை, அதாவது பிற சர்வர்கள் அப்பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 ஆகக் குறையுங்கள். இது விநாடிக் கணக்கு. பழைய மதிப்பு 14400 என்றால், பிற சர்வர்கள் நான்கு மணி நேரம் வரை பழைய பாதையையே நினைவில் வைத்திருக்கும். மறுநாள் பழைய MX பதிவுகளை நீக்கி, புதிய சேவை தரும் பதிவுகளை இடுங்கள்.

இதன்பிறகும் பழைய பெட்டியை ஒரு வாரமாவது திறந்து வைத்திருக்க வேண்டும். முதல் முயற்சியில் சேராத மடலை அனுப்பும் சர்வர்கள் நான்கைந்து நாட்கள் வரை மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்ப்பது வழக்கம்.

இணையதளம் பழைய நிறுவனத்திலேயே தொடர்ந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தச் சர்வர் உங்கள் டொமைனைத் தன்னுடையது என்றே எண்ணிக்கொண்டிருப்பதால், தளத்தின் தொடர்புப் படிவத்திலிருந்து கிளம்பும் விசாரணைகள் MX பதிவைப் பார்க்காமலேயே பழைய பெட்டியில் விழக்கூடும். மைத்துனருக்கு மூன்று விசாரணைகள் அப்படி விழுந்தன. சி-பேனல் என்ற நிர்வாகப் பலகை உள்ள ஹோஸ்டிங்கில் `Email Routing` பக்கத்தில் `Remote Mail Exchanger` என்று மாற்றியதும் அது சரியாயிற்று. ஒரு வாரம் முடிந்ததும், பழைய பெட்டியில் புதிதாக வந்து சேர்ந்தவற்றை மட்டும் இரண்டாம் படியின்படி மறுபடி பிரதியெடுங்கள்.

படி 5: ரத்து

டொமைன் பதிவுக் கணக்கின் உள்நுழைவு முகவரி எது என்று ஒருமுறை பாருங்கள். அது அதே டொமைனில் உள்ள முகவரி என்றால், மின்னஞ்சலில் கோளாறு வரும் நாளில் அதைச் சரிசெய்ய உள்ளே நுழையும் வழியும் அடைபட்டுப்போகலாம். வேறொரு தனிப்பட்ட முகவரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ரத்துப் பக்கத்தில் உடனடி ரத்து, சந்தாக் காலம் முடிந்ததும் ரத்து என்று இரண்டு வழிகள் இருந்தால், இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். முதலாவதில் பெட்டிகள் அன்றே அழிக்கப்படலாம். தேர்வுப் பட்டியலில் மின்னஞ்சல் திட்டம் மட்டும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும், டொமைனின் தானியங்கிப் புதுப்பிப்பு இயங்கும் நிலையிலேயே இருக்கிறதா என்பதையும் உறுதி செய்த பிறகே பொத்தானை அழுத்துங்கள். டொமைன் காலாவதியாகி வேறொருவர் அதைப் பதிவுசெய்தால், `accounts@` முகவரிக்கு வரும் கடவுச்சொல் மீட்பு மடல்கள்கூட அவருக்குத்தான் போகும்.