ஒன்ராறியோவில் சிறு கடை: எச்.எஸ்.ரி.யில் எவ்வளவு கட்டவேண்டும்?

ஸ்காபரோவிலோ பிரம்டனிலோ ஒரு சிறு மளிகைக் கடை, பக்கத்தில் சாப்பாட்டுப் பார்சல், கண்ணாடிப் பெட்டியில் ரோல்ஸ். புதிதாக வந்து இப்படி ஒரு கடை தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். வருமான வரி வேறு கதை, அதைக் கணக்காளரிடம் விட்டுவிடலாம். ஆனால் விற்பனை வரியான எச்.எஸ்.ரி.யின் கணக்கு எப்படி வருகிறது என்பது கடைக்காரருக்கே தெரிந்திருக்க வேண்டும். அது தினமும் கல்லாப்பெட்டியில் நடக்கிற விஷயம்.

ஒன்ராறியோவில் எச்.எஸ்.ரி. 13 வீதம். அதில் 5 மத்திய அரசின் பங்கு, 8 மாகாணத்தின் பங்கு. வாடிக்கையாளரிடம் வாங்கிய வரியை அப்படியே கட்டுவதில்லை. கடைக்காக நீங்கள் வாங்கிய பொருட்களுக்கும் கொடுத்த வாடகைக்கும் கட்டிய வரியை அதிலிருந்து கழித்து, மிச்சத்தைத்தான் கட்டுகிறீர்கள். கட்டிய வரி கூடவாக இருந்தால் கனடா வருவாய் முகவரகம் உங்களுக்குப் பணம் திருப்பித் தரும். கடையில் இலாபமா நட்டமா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நட்டத்தில் ஓடும் கடையும் எச்.எஸ்.ரி. கட்ட வேண்டி வரலாம்.

முதலில் பதிவு. தொடர்ச்சியான நான்கு காலாண்டுகளில் விற்பனை 30,000 டொலரைத் தாண்டினால் பதிவது கட்டாயம். ஒரே காலாண்டில் தாண்டிவிட்டால், எந்த விற்பனையால் தாண்டியதோ அதிலிருந்தே வரி வாங்க வேண்டும். இங்கேதான் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள்: “நான் விற்பது அரிசியும் பருப்பும், அதற்கு வரியில்லை, எனக்கு எதற்குப் பதிவு?” அரிசிக்கு வரி இல்லாமல் இல்லை. அதன் வரி வீதம் பூச்சியம். பூச்சிய வீதப் பொருளின் விற்பனையும் அந்த 30,000க்குள் சேரும்.

அந்தப் பூச்சியம் உங்களுக்கு நல்லதுதான். பூச்சிய வீதப் பொருள் விற்பவர், அதை விற்பதற்காகக் கட்டிய வரியை முழுதாகத் திரும்பக் கேட்கலாம். அரிசி மூட்டை அடுக்கி வைத்திருக்கும் இடத்துக்கான வாடகையில் உள்ள 13 வீதமும் இதில் அடங்கும். வரி விலக்கு என்பது வேறு. உதாரணமாக, கடைக்கு மேலே உள்ள வீட்டைக் குடும்பம் ஒன்றுக்கு மாத வாடகைக்கு விட்டிருந்தால், அந்த வாடகை வரி விலக்குள்ளது. அதற்கு வரி வாங்கவும் முடியாது, அந்த வீட்டைத் திருத்தக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கவும் முடியாது. வாடிக்கையாளர் பார்வையில் இரண்டிலும் வரியில்லை. உங்கள் கணக்கில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எந்தப் பொருளுக்கு எத்தனை வீதம் என்பதுதான் நம்மவர் கடைகளில் பெரிய தலையிடி. அரிசி, பருப்பு, மா, மரக்கறி, மீன், பால் எல்லாம் பூச்சியம். சோடா, சிப்ஸ், உப்புக் கடலை, சட்டி பானை, சோப் எல்லாம் 13. கேக், மஃபின் போன்றவை ஒருவர் சாப்பிடும் அளவில் ஆறுக்குக் குறைவாக விற்றால் 13, ஆறோ அதற்கு மேலோ ஒரு பொதியில் இருந்தால் பூச்சியம். சூடான சாப்பாட்டுப் பார்சலுக்கு 13. ஆனால் ஒன்ராறியோவில் உடனே சாப்பிடத் தயாரான உணவின் மொத்தத் தொகை 4 டொலருக்கு மேல் போகாவிட்டால் மாகாணத்தின் 8 வீதத்தை விட்டுவிட்டு 5 மட்டும் வாங்க வேண்டும். 2 டொலர் ரோல்ஸ் இரண்டு வாங்கினால் 4 டொலருக்கு 5 வீதம், அதாவது 20 சதம். மூன்று வாங்கினால் 6 டொலர் முழுவதற்கும் 13 வீதம், 78 சதம். கல்லா மெஷினில் இதைச் சரியாகப் போட்டுத் தராமல் விற்றுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே மெஷின் வந்த அன்றைக்கே ரோல்ஸ் இரண்டையும் மூன்றையும் அடித்துப் பாருங்கள்.

சரி, இனி ஒரு காலாண்டுக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். கற்பனைக் கடைதான், எண்களை நான் வசதிக்காக வைத்திருக்கிறேன். ஜூலை முதல் செப்டெம்பர் வரை, வரி சேர்க்காமல், பூச்சிய வீத மளிகை விற்பனை 55,000 டொலர். 13 வீதச் சாமான்களும் சாப்பாட்டுப் பார்சலும் 32,000. நாலு டொலருக்கு உட்பட்ட ரோல்ஸ், பற்றீஸ் 6,000. மளிகையில் வாங்கிய வரி ஒன்றுமில்லை, 32,000இல் 4,160, ரோல்ஸில் 300. வாங்கிய வரி மொத்தம் 4,460 டொலர்.

இனிக் கட்டிய வரி. அரிசி, பருப்பு, கோழி, கிழங்கு வாங்கியது 41,000, அதில் வரியில்லை. சோடா, சிப்ஸ், பாத்திரம் வாங்கியது 16,000, வரி 2,080. கடை வாடகை மாதம் 4,500, மூன்று மாதத்துக்கு 13,500, வரி 1,755. மின்சாரம், தொலைபேசி, கணக்காளர் கூலி 2,000, வரி 260. மொத்தம் 4,095. கழித்தால் 365 டொலர். அதுதான் ஒக்டோபர் 31க்குள் கட்ட வேண்டியது.

அதே காலாண்டில் 5,000 டொலருக்கு ஒரு பெரிய பிரிட்ஜ் வாங்கியிருந்தால் 650 டொலர் வரி கூடும். அப்போது கழித்து வருவது மைனஸ் 285, அதாவது உங்களுக்கு வர வேண்டிய பணம். வருமான வரியில் பிரிட்ஜின் விலையைப் பல வருடங்களுக்குப் பிரித்துக் கழிக்க வேண்டும். முழுக்கக் கடைக்காகவே வாங்கிய பிரிட்ஜ் என்றால் எச்.எஸ்.ரி.யில் அப்படியில்லை, கட்டிய வரி முழுவதையும் வாங்கிய காலத்திலேயே கேட்கலாம்.

இந்தக் கணக்கில் வராதவற்றையும் கவனியுங்கள். வேலையாட்களின் சம்பளத்தில் எச்.எஸ்.ரி. இல்லை, எனவே கழிக்க ஒன்றுமில்லை. கடைக் காப்புறுதியில் ஒன்ராறியோ 8 வீதம் வரி எடுக்கிறது, ஆனால் அது எச்.எஸ்.ரி. அல்ல, திரும்பக் கேட்க முடியாது. வான் வீட்டுக்கும் ஓடுகிறது என்றால் பெற்றோல் வரியில் கடைக்கு ஓடிய பங்கு மட்டும்தான்.

சாப்பாட்டுப் பார்சல் விற்பனை ஏறினால் கட்ட வேண்டிய தொகை திடீரென ஏறும். கோழிக்கும் அரிசிக்கும் நீங்கள் வரி கட்டியிருக்க மாட்டீர்கள், ஆனால் சமைத்து விற்கும்போது 13 வாங்குகிறீர்கள். 10,000 டொலர் மளிகை வியாபாரம் குறைந்து, அவ்வளவும் பார்சலுக்கு மாறினால் 1,300 டொலர் வரி கூடும். எதிர்ப்பக்கத்தில் கழிக்க அநேகமாக ஒன்றும் இருக்காது. அந்தப் பணம் வங்கிக் கணக்கில் கிடக்கும்போது உங்களுடையது போலத் தெரியும். சட்டப்படி அது அரசுக்காக நீங்கள் வைத்திருக்கும் பணம். வேறொரு கணக்கில் வாராவாரம் ஒதுக்கி வைப்பதுதான் நான் கண்ட ஒரே வழி.

இணையத்தில் கணக்குத் தாக்கல் செய்யும்போது மூன்று பெட்டிகள்தான் முக்கியம். 101இல் விற்பனை, வரி சேர்க்காமல், பூச்சிய வீத விற்பனையும் சேர்த்து. நம் கடைக்கு அது 93,000. 105இல் வாங்கிய வரி 4,460. 108இல் கட்டிய வரி 4,095. மிச்சம் 109இல் தானாக வரும். கார்ட் மெஷின் வங்கிக்கு அனுப்பும் தொகையில் வரியும் கலந்திருக்கும். அதைப் பார்த்து விற்பனையை எழுதி, அதில் 13 வீதம் போட்டால் வரிக்கு மேல் வரி கட்டுவீர்கள். அந்த 32,000 வங்கியில் 36,160 என்று நிற்கும். அதில் 13 வீதம் 4,700.80, உண்மையான வரியைவிட 540.80 கூட. வரி சேர்ந்த தொகைதான் கையில் இருந்தால் 13ஆல் பெருக்கி 113ஆல் வகுக்க வேண்டும்.

வருடத்துக்கு 15 இலட்சம் டொலருக்கு மேல் விற்காத கடையை முகவரகம் ஆண்டுக்கு ஒருமுறை கணக்குக் கொடுப்பவராகவே பதியும். காலாண்டுக்கு மாறக் கேட்கலாம். பெரும்பாலும் மளிகை விற்று ஒவ்வொரு முறையும் பணம் திரும்பி வரும் கடை என்றால் காலாண்டுதான் நல்லது, இல்லாவிட்டால் உங்கள் காசு வருடம் முழுக்க ஒட்டாவாவில் நிற்கும். கட்டுகிற கடை என்றால் ஆண்டுக் கணக்கு சோம்பலுக்கு வசதி. ஆனால் சொந்தப் பெயரில் டிசம்பரில் ஆண்டு முடிக்கும் கடைக்குத் தாக்கலுக்கு ஜூன் 15 வரை நேரமிருந்தாலும் பணம் ஏப்ரல் 30க்குள் போயிருக்க வேண்டும். அந்த இரண்டு திகதிகளுக்கு இடையே வட்டி ஓடும்.

கடைசியாகப் பற்றுச்சீட்டு. கட்டிய வரியைக் கேட்க அதுதான் ஆதாரம். வங்கி அறிக்கையில் பணம் போனது தெரிந்தால் போதாது. 100 டொலருக்குக் குறைவான கொள்முதலுக்கு விற்பவரின் பெயர், திகதி, தொகை இருந்தால் சரி. 100இலிருந்து அவரது எச்.எஸ்.ரி. எண்ணும், வரி எவ்வளவு என்பதும் வேண்டும். 500 டொலரும் அதற்கு மேலும் என்றால் வாங்கியவர் பெயராக உங்கள் கடையின் பெயரும், என்ன சாமான் என்ற விவரமும் இருக்க வேண்டும். மொத்த விற்பனைக் கடையில் அவசரத்தில் “காஷ் சேல்” என்று எழுதித் தந்த 2,000 டொலர் பில்லை வைத்து 260 டொலர் கேட்டால், சோதனை வரும் நாளில் அது போய்விடும்.

வானில் சாமான் கொண்டுவந்து இறக்கி, பில்லில் 13 வீதம் போட்டுக் காசு கேட்பவரிடம் எண்ணைப் பாருங்கள். ஒன்பது இலக்கம், அதன் பின்னால் RT0001 என்பது போல நான்கு இலக்கத்துடன் வரும். முகவரகத்தின் இணையதளத்தில் எண்ணையும் பெயரையும் திகதியையும் போட்டால் அவர் பதிந்தவரா என்று சொல்லும். பதியாதவருக்கு நீங்கள் கொடுத்த அந்த 13 வீதம் வரியாகாது, திரும்பவும் வராது. பில்களை ஆறு வருடம் வைத்திருக்க வேண்டும். மெஷினில் அடித்த சீட்டுகளின் எழுத்து அதற்கு முன்பே மங்கிவிடும், ஆகவே வாங்கிய அன்றைக்கே தெளிவாகப் படம் எடுத்துச் சேமித்துவிடுங்கள்.