விழிப்புணர்வு முகாமில் அதிகாரியை மேடையில் அறிமுகப்படுத்துவது எப்படி?

நாங்குநேரி பக்கம் ஒரு கிராமத்தில் டெங்கு விழிப்புணர்வு முகாம் என்று வைத்துக்கொள்வோம். சுகாதார ஆய்வாளர் பேச வருகிறார். அவரை அறிமுகப்படுத்த வேண்டியது நீங்கள்.

1. முந்தின நாளே கேட்டு எழுதுங்கள். அவர் அலுவலகத்துக்குப் போன் போட்டு பெயர், இனிஷியல், பதவி, எந்த வட்டாரம் என்று கேளுங்கள். பழைய ஃபிளக்ஸைப் பார்த்து எழுத வேண்டாம். இடமாறுதலில் ஆள் மாறியிருக்கலாம். மேடையில் பார்த்துச் சொல்ல, போனைவிடச் சின்ன அட்டைதான் நல்லது. வெயிலில் போன் திரை தெரியாது.

2. அவர் வேலையை ஒரே வரியில் சொல்லுங்கள். நான் ரொம்ப நேரம் திணறிய இடம் இதுதான். பதவிப் பெயரை மட்டும் சொன்னால் ஜனங்களுக்கு வந்திருப்பது ‘ஒரு ஆபீசர்’, அவ்வளவுதான். பேச்சு முடிந்ததும் குழாயில் தண்ணீர் வரவில்லை, பட்டா கிடைக்கவில்லை என்று கேட்பார்கள். குழாய் ஊராட்சி வேலை, பட்டா வட்டாட்சியர் அலுவலக வேலை. அவரால் பதில் சொல்ல முடியாது, கேட்டவருக்கும் ஏமாற்றம். அதனால் அவரிடம் எதைக் கேட்கலாம் என்பதை அறிமுகத்திலேயே சொல்லிவிடுங்கள். ‘இதைச் செய்து தருவார்’ என்று அவர் சார்பில் வாக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

3. வீட்டில் பேசுவதுபோலவே பேசுங்கள். நான் சொல்வது இப்படி:

“எல்லாருக்கும் வணக்கம். நம்ம வட்டார சுகாதார ஆய்வாளர் (பெயர்) சார் வந்திருக்காவ. வீட்டுல தொட்டி, குடத்துல கொசுப்புழு இருக்கான்னு பாக்க ஆள் வருதுல்லா, அந்த வேலையைக் கவனிக்கிறது சார்தான். கொசு எங்க முட்டை போடுது, காய்ச்சல் வந்தா எப்ப ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு சொல்லுவாவ. அதுல என்ன சந்தேகம்னாலும் கேளுங்க. குழாய்த் தண்ணி விஷயத்தை அப்புறமா ஊராட்சி செயலர்கிட்ட பேசிக்கிடுவோம். சார், வாங்க.”

‘வந்திருக்காவ’ என்பதிலேயே மரியாதை இருக்கிறது. உங்களுக்கு அந்த நெல்லைப் பேச்சு வராது என்றால் ‘வந்திருக்காங்க’ போதும். ‘மாண்புமிகு’ வேண்டாம், அது அமைச்சர் போன்றவர்களுக்கு. ‘ஏழைகளின் காவலர்’ மாதிரி அடைமொழிகளையும் விட்டுவிடலாம். முக்கியமாக, டெங்கு கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும் என்பதை நீங்களே சொல்லிவிடாதீர்கள். அதைச் சொல்லத்தான் அவர் வந்திருக்கிறார்.

பிற்சேர்க்கை: வட்டார வளர்ச்சி அலுவலர், அதாவது பி.டி.ஓ. வந்தால் என்ன சொல்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒன்றியத்துக்கு இரண்டு பி.டி.ஓ. உண்டு: வட்டார ஊராட்சிக்கு ஒருவர், கிராம ஊராட்சிகளுக்கு ஒருவர். வருவது யார் என்று போனிலேயே கேட்டு, “நம்ம ஊராட்சி வேலையைக் கவனிக்கிற பி.டி.ஓ.” என்பதுபோலச் சொல்லுங்கள்.

கடைசி நேரத்தில் அழைத்த அதிகாரிக்குப் பதில் வேறு ஒருவர் வந்தால் அட்டையை அப்படியே படிக்காதீர்கள். “சார், உங்க பேரு, பொறுப்பு சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்” என்று மேடைக்குக் கீழேயே கேட்டுவிடுங்கள். அவர் வரவில்லை என்பதை மைக்கில் விளக்க வேண்டியதில்லை, வந்தவரை மட்டும் வரவேற்றால் போதும்.